போன வழியிலேயே திரும்பும் பணம்

அத்தை மகனின் கல்யாண வரவேற்பு டெல்லியில், சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு. நாங்கள் மூன்று பேர். கோவையிலிருந்து காலை ஒன்பது மணி விமானம் பிடித்தால், மதியம் போய் இறங்கி, குளித்து, பட்டுச் சேலை கட்டிக்கொண்டு நிதானமாக மண்டபத்துக்குப் போகலாம் என்று கணக்கு. டிக்கெட்டை ஒரு டிராவல் ஆப்பில் போட்டேன்.

பயணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது எதற்கோ அந்த ஆப்பைத் திறந்தேன். புறப்படும் நேரம் இரவு ஒன்பது என்று மாறியிருந்தது. நாங்கள் போய்ச் சேரும்போது டெல்லியில் பந்தி எடுத்து, பந்தலையும் பிரித்திருப்பார்கள். திரையின் கீழே 'கேன்சல்' என்று ஒரு பட்டன் இருந்தது. விரல் தானாக அதை நோக்கிப் போனது.

பக்கத்து மேசைக்காரர் முன்பு டிராவல் ஏஜென்சியில் வேலை பார்த்தவர். எட்டிப் பார்த்துவிட்டு, "சார், அதத் தொடாதீங்க. நீங்க அமுக்கினா அது உங்க கேன்சல். டைம மாத்தினது ஏர்லைன்ஸ், அவங்களையே கேன்சல் பண்ண வைங்க" என்றார். அந்த ஒரு வாக்கியம் எங்களுக்கு 11,400 ரூபாயை மிச்சப்படுத்தியது. எப்படி என்று சொல்கிறேன். நேரடியாக புக் செய்வதற்கும் இடையில் ஒரு தளம் வழியாக புக் செய்வதற்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் அந்தக் கணக்குக்குள் இருக்கிறது.

ஒரு டிக்கெட்டின் உடற்கூறு

விமான நிறுவனம் தலைக்குக் கேட்டது 6,500 ரூபாய். அதில் 5,600 டிக்கெட் கட்டணம். மீதி 900 வரியும் விமான நிலையக் கட்டணங்களும். மூன்று பேருக்கு 19,500. டிராவல் தளம் இதன்மேல் 'கன்வீனியன்ஸ் ஃபீ' என்று தலைக்கு 400 வீதம் 1,200 சேர்த்தது. கூப்பன் போட்டதில் 1,000 குறைத்தது. ஆக, நான் கட்டியது 19,700. விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்திலும் கன்வீனியன்ஸ் ஃபீ உண்டு. அங்கே தலைக்கு 300 சேர்த்து மொத்தம் 20,400 காட்டியது. 700 ரூபாய் லாபம் என்று ஆப்பைத் தேர்ந்தெடுத்தேன்.

நானே கேன்சல் பட்டனை அமுக்கியிருந்தால், விமான நிறுவனம் தலைக்கு 3,500 ரத்துக் கட்டணம் பிடித்திருக்கும். தளம் தன் பங்குக்குத் தலைக்கு 300 பிடித்திருக்கும். மூன்று பேருக்கு 11,400 போய்விடும். கொடுத்த கூப்பன் தள்ளுபடியையும், தனக்குரிய கன்வீனியன்ஸ் ஃபீயையும் தளம் திருப்பித் தராது. கடைசியில் கைக்கு வருவது 7,100. அதே டிக்கெட், விமான நிறுவனம் நேரத்தை மாற்றியதால் ரத்தானது என்று பதிவானால் ரத்துக் கட்டணம் என்ற பேச்சே இல்லை. கைக்கு வருவது 18,500.

இது யாரும் தயவு பண்ணித் தருவதல்ல. சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவின் விதி, விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போனால் மாற்று விமானமோ முழுப் பணமோ கேட்கும் உரிமையைப் பயணிக்குத் தருகிறது. விமானம் ரத்தானாலும் இதே தேர்வு உண்டு. ஆனால் ஆப்பில் இருக்கும் பட்டனுக்கு இந்த விதி தெரியாது. யார் அமுக்கினாரோ அவர் விருப்பப்பட்டு ரத்து செய்தார் என்றுதான் அது எடுத்துக்கொள்ளும். சில தளங்களில் 'விமான நிறுவனம் மாற்றியதால் ரத்து' என்று தனி வழி இருக்கும். அமுக்கும் முன் திரையில் ரத்துக் கட்டணம் எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். பூஜ்யம் இல்லையென்றால் அது தவறான பட்டன்.

நடுவில் நிற்பவரின் பணப்பை

நான் விமான நிறுவனத்தை அழைத்தேன். இங்கே ஒரு சின்ன விஷயம். தளம் அனுப்பிய மின்னஞ்சலில் மேலே பெரிதாக இருப்பது தளத்தின் புக்கிங் எண். அதைச் சொன்னால் விமான நிறுவனத்தில் யாருக்கும் புரியாது. கீழே எங்கோ சிறிதாக ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த பிஎன்ஆர் இருக்கும். அதுதான் விமான நிறுவனத்தின் மொழி. டிக்கெட் போட்ட அன்றே அந்தப் பிஎன்ஆரையும் கடைசிப் பெயரையும் விமான நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. டிக்கெட் உண்மையிலேயே பதிவாகியிருக்கிறதா என்று அங்கேதான் தெரியும்.

பிஎன்ஆரைச் சொன்னதும் எதிர்முனையில் இருந்த பெண், "உங்க மொபைலுக்கு டைம் சேஞ்ச் மெசேஜ் வரலயா சார்?" என்று கேட்டார். வரவில்லை. பார்த்தால், பதிவில் இருந்த கைபேசி எண் என்னுடையது இல்லை. இடைத்தளங்கள் பல நேரம் தங்கள் எண்ணையோ பொதுவான ஒரு மின்னஞ்சலையோ விமான நிறுவனத்துக்குக் கொடுத்துவிடுகின்றன. இதில் வெறும் தகவல் மட்டுமே தவறுவதில்லை. முன்னறிவிப்பு இல்லாமல் விமானத்தை ரத்து செய்தால், பறக்கும் நேரத்தைப் பொறுத்து 5,000 முதல் 10,000 ரூபாய் வரை அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இதில் எது குறைவோ அதை இழப்பீடாகத் தரவேண்டும் என்கிறது டிஜிசிஏ விதி. அதே விதி, புக் செய்யும்போது சரியான தொடர்பு விவரம் தராதவருக்கு இழப்பீடு கிடையாது என்றும் சொல்கிறது. எனவே பிஎன்ஆரைப் பார்க்கும்போதே உங்கள் எண்ணையும் அதில் ஏற்றிவிடுங்கள்.

அந்தப் பெண் இரண்டே நிமிடத்தில் டிக்கெட்டை ரத்து செய்து, "ஃபுல் ரீஃபண்ட் போட்டாச்சு சார், ஆனா அது உங்க ஏஜென்ட் அக்கவுண்டுக்குத்தான் போகும்" என்றார். எனக்கு அது புதிதாக இருந்தது.

நேரடியாக வாங்கினால் என் அட்டையிலிருந்து பணம் விமான நிறுவனத்துக்குப் போகிறது. திரும்பும்போதும் என் அட்டைக்கே வருகிறது. இடைத்தளத்தில் வாங்கும்போது நடப்பது வேறு. என் பணம் தளத்துக்குப் போகிறது. தளமோ விமான நிறுவனத்திடம் முன்பணம் போட்டு வைத்திருக்கும் ஏஜென்சிக் கணக்கிலிருந்து என் டிக்கெட்டுக்குக் கழித்துக்கொள்கிறது. சிக்கன விமான நிறுவனங்களில் பெரும்பாலும் இதுதான் முறை. விமான நிறுவனத்தைப் பொறுத்தவரை டிக்கெட்டுக்குப் பணம் தந்தது தளம். அதனால் திருப்பித் தருவதும் தளத்துக்குத்தான். பணம் போன வழியிலேயே திரும்பும். நடுவில் எத்தனை கை இருக்கிறதோ அத்தனை கைக்கும் போய்த்தான் வரும்.

இந்த நடுக் கையில் பணம் எவ்வளவு காலம் தங்கிவிடும் என்பதற்குக் கொரோனாக் காலமே சாட்சி. ஊரடங்கில் ரத்தான விமானங்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபர் 1 அன்று உத்தரவிட்டது. ஏஜென்ட் மூலம் வாங்கிய டிக்கெட்டுகளுக்குப் பணம் வந்ததும் ஏஜென்ட் அதை உடனே பயணிக்குக் கொடுத்துவிட வேண்டும் என்றும் அதில் இருந்தது. ஆனாலும் 2024 ஜூனில்கூட யாத்ரா தளத்தில் இரண்டரைக் கோடி ரூபாய்க்கு மேல் பயணிகளுக்குப் போய்ச் சேராமல் இருந்தது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தலையிட்டு அதைத் திருப்பித் தர உத்தரவு போட்டது. மேக்மைட்ரிப், ஈஸ்மைட்ரிப், கிளியர்ட்ரிப் போன்ற பிற தளங்கள் அதற்குள் முழுவதையும் கொடுத்து முடித்திருந்தன. எல்லாத் தளமும் ஒன்றல்ல. ஆனால் எல்லாத் தளத்திலும் பணம் ஒரு நிறுத்தத்தில் நின்றுதான் வருகிறது.

பந்தாட்டத்தை நிறுத்துவது எப்படி

பன்னிரண்டு நாள் ஆகியும் பணம் வரவில்லை. தளத்தைக் கேட்டால், "ஏர்லைன்ஸ்ல இருந்து எங்களுக்கு இன்னும் வரல சார்." விமான நிறுவனத்தைக் கேட்டால், "நாங்க அன்னைக்கே அனுப்பிட்டோம் சார்." இருவரும் உண்மையே பேசியிருக்கலாம். தளத்தின் கணக்கில் நாள்தோறும் விழும் தொகைகளில் எது யாருடையது என்று பொருத்திப் பார்க்காமல் விட்டிருப்பார்கள். இந்த இடத்தில் பலரும் கோபப்பட்டு ஓய்ந்துவிடுகிறார்கள்.

செய்ய வேண்டியது ஒன்றுதான்: இருவரில் ஒருவரை எழுத்தில் பேச வைப்பது. விமான நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி நான்கு விவரம் கேட்டேன். பிஎன்ஆர், திருப்பிய தொகை, தேதி, எந்த ஏஜென்சிக் கணக்கில் சேர்த்தார்கள் என்பது. இரண்டாம் நாள் பதில் வந்தது. அதை அப்படியே தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு அனுப்பினேன். வாடிக்கையாளர் சேவைக்கு அல்ல. இணைய வணிகத்துக்கான 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி ஒவ்வொரு தளமும் இப்படி ஓர் அலுவலரை நியமித்து, அவர் பெயரையும் தொடர்பையும் தளத்தில் போட்டிருக்க வேண்டும். அவர் 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். "விமான நிறுவனத்திடமிருந்து வரவில்லை" என்ற பதிலுக்கு இனி இடமில்லை. ஒன்பதாம் நாள் 18,500 ரூபாய் வந்தது.

அப்படியும் வராவிட்டால் படிகள் இருக்கின்றன. 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். விமானப் புகார்களுக்கு மத்திய அரசின் ஏர்சேவா தளம் உண்டு. ஏஜென்ட் வழியாக வாங்கிய டிக்கெட்டுக்கும், பணம் திரும்பிச் சேருவதை உறுதி செய்யும் பொறுப்பு விமான நிறுவனத்துடையதே என்பது டிஜிசிஏ விதி. ஏஜென்ட் அவர்களுடைய பிரதிநிதி என்பதே காரணம். எனவே ஏர்சேவா புகாரில் விமான நிறுவனத்தையே குறிப்பிட வேண்டும். 2016இல் திருத்திய விதி இதற்கு 30 வேலை நாள் வரை அவகாசம் தந்தது. இந்த நாள் கணக்கை டிஜிசிஏ அவ்வப்போது திருத்துகிறது. புகார் எழுதும் நாளில் அதன் தளத்தில் இருக்கும் எண்ணைப் பார்த்து எழுதுங்கள். கடைசிப் படி மாவட்ட நுகர்வோர் ஆணையம். டெல்லியில் பதிவான நிறுவனமாக இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை.

இன்னொரு வழி வங்கி. கடன் அட்டையில் கட்டியிருந்தால், சேவை கிடைக்கவில்லை என்று வங்கியில் தகராறு எழுப்பலாம். அட்டை அறிக்கையில் யார் பெயர் இருக்கிறதோ அவர்மீதுதான் அதை எழுப்ப முடியும். என் அறிக்கையில் விமான நிறுவனத்தின் பெயரே இல்லை. தளத்தின் பெயர்தான் இருந்தது. விவகாரம் வந்தால் யாரிடம் பேச வேண்டும் என்பதற்கு அந்த ஒரு வரியே விடை.

இத்தனை அலைச்சலிலும் ஓர் எச்சரிக்கை. தளத்தின் உதவி எண்ணைக் கூகுளில் தேடாதீர்கள். போலி எண்களை அங்கே விதைத்து வைத்துக் காத்திருக்கிறார்கள். ரீஃபண்ட் போடுகிறேன் என்று ஒரு செயலியை இறக்கச் சொல்வார்கள், ஓடிபி கேட்பார்கள். எண்ணை ஆப்புக்குள்ளிருந்தோ டிக்கெட்டிலிருந்தோ மட்டும் எடுங்கள். ஏமாந்துவிட்டால் உடனே 1930.

ஒட்டுப்போட்ட டிக்கெட்

இடைத்தளத்தில் மட்டுமே காணப்படும் ஒரு வகை டிக்கெட் இருக்கிறது. மதுரையிலிருந்து சென்னைக்கு ஒரு நிறுவனம், அங்கிருந்து சிங்கப்பூருக்கு இன்னொரு நிறுவனம் என்று இரண்டு தனி டிக்கெட்டுகளைத் தளமே ஒட்டி, ஒரே பயணமாகக் காட்டும். விலை குறைவாக இருக்கும். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், இரண்டாவது நிறுவனத்துக்கு நீங்கள் வராத பயணி, அவ்வளவுதான். முதல் நிறுவனமோ உங்களைச் சென்னையில் இறக்கியதோடு கடமை முடிந்தது என்று சொல்லும். பெட்டியையும் சென்னையில் எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டும். கண்டுபிடிப்பது எளிது: இரண்டு பிஎன்ஆர் இருந்தால், 'செல்ஃப் டிரான்ஸ்ஃபர்' என்று எங்காவது எழுதியிருந்தால், அது ஒட்டுப்போட்டது. ஒரே டிக்கெட்டில் இரண்டு விமானம் இருந்தால், தவறவிட்டவரை அடுத்ததில் ஏற்றுவது நிறுவனத்தின் பொறுப்பு.

விடுதியில் கணக்கு வேறு

விமானத்தில் நேரடிதான் நல்லது என்று சொல்வதுபோல் விடுதிக்குச் சொல்லிவிட முடியாது. முன்பின் தெரியாத ஊரில் பத்து விடுதிகளை ஒப்பிட்டு, தங்கியவர்கள் போட்ட படங்களைப் பார்க்க இடைத்தளத்தைப் போல வசதி இல்லை. 'பே அட் ஹோட்டல்' என்று, போய்ச் சேர்ந்து பணம் கட்டும் முறையில், கட்டணமில்லாமல் ரத்து செய்யும் வசதியும் இருந்தால் இடைத்தளத்தில் போடுவதில் ஒரு பயமும் இல்லை. பணம் நம் பையிலேயே இருக்கிறது. திரும்ப வர வேண்டிய வழியே இல்லை.

சிக்கல் முன்பணம் கட்டும் அறைகளில். கொடைக்கானலில் மே மாதக் கூட்டத்தில் ரிசப்ஷனில் கைபேசியை நீட்டுகிறீர்கள். "இந்தப் பேர்ல எங்களுக்கு புக்கிங் வரலீங்க" என்கிறார் அங்கிருப்பவர். தளம் சில நேரம் விடுதியிடம் நேரே வாங்காமல் மொத்த வியாபாரி ஒருவரிடம் வாங்கியிருக்கும். அந்தச் சங்கிலியில் எங்கோ தகவல் அறுந்திருக்கும். அல்லது விடுதியே இருக்கும் அறைகளைவிட அதிகமாக விற்றிருக்கும். அங்கே கோபத்தில் கிளம்பி வேறு அறை எடுத்துவிட்டால், பிறகு தளம் "நீங்கள் வரவில்லை என்று விடுதி சொல்கிறது" என்று கைவிரிக்கும். ரிசப்ஷனில் நின்றபடியே தளத்தை அழைத்து, விடுதிக்காரரிடம் கைபேசியைக் கொடுத்துப் பேச வையுங்கள். அறை இல்லை என்பதை விடுதியின் மின்னஞ்சலிலிருந்தோ வாட்ஸ்அப்பிலிருந்தோ ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு மாற்று அறை கேட்பதும் பணம் கேட்பதும் எளிது.

இதைத் தவிர்க்க ஐந்து நிமிடம் போதும். புக் செய்த மறுநாள் விடுதியின் எண்ணை அழைத்துத் தேதி, பெயர், பிளான் மூன்றையும் கேட்டு உறுதி செய்யுங்கள். பிளான் என்றால் அவர்கள் மொழியில் ஈபி, சிபி, எம்ஏபி. ஈபி என்றால் வெறும் அறை, சிபி என்றால் காலை உணவோடு, எம்ஏபி என்றால் இன்னொரு வேளை உணவும் சேர்ந்தது. தளத்தில் சிபி என்று வாங்கி, விடுதியில் ஈபி என்று பதிவாகி, இட்லிக்குத் தனியாகப் பணம் கொடுத்தவர்கள் நிறைய.

திட்டம் மாறி முன்பணத்தைத் திரும்பக் கேட்கும்போதும் முதலில் விடுதி மேலாளரிடம் பேசுவதே பலன் தரும். 'நான் ரீஃபண்டபிள்' என்று போட்டிருந்தாலும், கட்டணம் வேண்டாம் என்று விட்டுக்கொடுக்கும் அதிகாரம் பெரும்பாலும் விடுதியிடம் இருக்கிறது. அவர் ஒப்புக்கொண்டால் எழுத்தில் வாங்கி, அவர் பெயரையும் சேர்த்துத் தளத்துக்குச் சொல்லுங்கள். தளம் விடுதியை அழைத்து உறுதி செய்துவிட்டுப் பணத்தை விடுவிக்கும். தளத்திடம் முதலில் போனால் விதிமுறையைப் படித்துக் காட்டுவதோடு சரி.

விலையிலும் விடுதிக்காரரிடம் பேசிப் பார்க்கலாம். தளத்துக்கு அவர் தரும் கமிஷன் கணிசமானது. சிறிய விடுதிகளுக்கு 20 சதவீதத்தை ஒட்டி வருவது சாதாரணம். நேரடியாகக் குறைத்து விற்க ஒரு காலத்தில் அவருக்குக் கை கட்டியிருந்தது. எங்கள் தளத்தில் இருப்பதைவிடக் குறைவாக வேறெங்கும் விற்கக் கூடாது என்ற நிபந்தனைக்காகவும் பிறவற்றுக்காகவும் இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் மேக்மைட்ரிப், கோஐபிபோ குழுமத்துக்கு 223 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்து, அந்த நிபந்தனையை எடுக்கவும் சொன்னது. எனவே, "ஆப்ல 3,200 காட்டுதுங்க. நேரா போட்டா எவ்வளவுக்குத் தருவீங்க?" என்று கூச்சமில்லாமல் கேளுங்கள். விலை குறையாவிட்டாலும் காலை உணவோ, சீக்கிரம் அறைக்குள் போகும் வசதியோ கிடைக்கும். கேட்கும் எண் விடுதியுடையதுதான் என்பதை மட்டும் உறுதி செய்யுங்கள். பிரபல விடுதிகளின் பெயரில் போலித் தளங்களும் உண்டு. தனிநபர் பெயருக்கு யூபிஐ அனுப்பச் சொன்னால் நிறுத்திவிடுங்கள்.

எங்கள் டெல்லிப் பயணத்துக்கு மறுபடி டிக்கெட் போட்டது விமான நிறுவனத்தின் தளத்தில். எந்த விமானம் எத்தனை மணிக்கு என்று பார்த்தது என்னவோ அதே பழைய ஆப்பில்தான். பார்ப்பதற்கு அதைப் போல வசதி வேறில்லை. பார்த்துவிட்டு மூடினேன், வாங்கும்போது கன்வீனியன்ஸ் ஃபீ தலைக்கு 100 ரூபாய் குறைந்தது, கூப்பன் 1,000 கிடைக்காமல் போனது. அட்டை அறிக்கையில் இந்த முறை விமான நிறுவனத்தின் பெயர் இருந்தது. சனிக்கிழமை மாலை ஆறே முக்காலுக்கு மண்டப வாசலில் சந்தனம் பூசிக்கொண்டோம்.